கொழும்பு விலைச் சுட்டெண் இறங்கியபோது எங்கள் வீட்டுச் செலவு ஏறியது எப்படி? உங்கள் வீட்டுக்கான சுட்டெண்ணை நீங்களே கணிக்கும் முறை

2025 பெப்ரவரி மாதத்துக்கான கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வெளியானபோது, ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் −4.2 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அதாவது, ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட விலைகள் சராசரியாகக் குறைந்திருந்தன. வெள்ளவத்தையில் மாத வாடகையும் பிள்ளைகளின் வகுப்புக் கட்டணமும் செலுத்துகிற ஒருவரிடம் இதைச் சொன்னால், "எந்த ஊரில் குறைந்தது?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அறிவிக்கப்பட்ட எண்ணும் பிழையில்லை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகின்றன என்பதைக் காண, ஒரு குடும்பத்தின் சுட்டெண்ணை நாமே கணித்துப் பார்ப்போம். ஒரு கொப்பியும் கணிப்பானும் போதும்.

படி 1: எந்த எண்ணை வாசிக்கிறோம் என்று அறிதல்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் இந்தச் சுட்டெண்ணின் அடியாண்டு 2021. அந்த ஆண்டின் சராசரி விலைமட்டம் 100 எனக் கொள்ளப்படுகிறது. பத்திரிகைகள் தலைப்பிடுவது சுட்டெண்ணை அல்ல, அது பன்னிரண்டு மாதங்களில் மாறிய வேகத்தையே. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக உச்சத்தைத் தொட்டு, 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதத்துக்கு வந்தது. இதை "விலை இறங்கிவிட்டது" என்று வாசித்தவர்கள் பலர். ஆனால் 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை, 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாவாகி, 2023 செப்டெம்பரில் 172 ரூபாவை எட்டியது. ஏற்றத்தின் வேகம் அடங்கியதே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. கடைக்குப் போகிறவரின் நினைவில் நிற்பது அந்த 100 ரூபா, அறிவிப்பு ஒப்பிடுவதோ அந்த 170 ரூபாவுடன்.

படி 2: உங்கள் நிறைகளைக் கண்டுபிடித்தல்

ஒரு பொருளுக்கு மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு உண்டோ, அதுவே அதன் நிறை. உத்தியோகபூர்வ நிறைகள் 2019 வீட்டு வருமான செலவின அளவீட்டிலிருந்து பெறப்பட்டவை. அவற்றில் உணவுக்கும் மதுசாரமற்ற பானங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 26 சதவீதமே உண்டு. எல்லாக் குடும்பங்களின் செலவையும் கூட்டிப் பங்கு பிரிப்பதால், அதிகம் செலவிடும் வீட்டின் பழக்கம் அந்தப் பங்கில் அதிகமாகப் பதிகிறது. மாதக் கடைசியில் சம்பளத்தின் பாதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடும் வீட்டுக்கு 26 என்பது பொருந்தாது.

இனி எடுத்துக்காட்டுக் குடும்பத்தைப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கும் இக்குடும்பம் 2024 பெப்ரவரியில் 200,000 ரூபா செலவிட்டது. அதில் வாடகை 60,000, உணவு 70,000, மின்சாரம் 10,000, பாடசாலை வேனும் ரியூஷனும் 40,000, பாட்டியின் மருந்து 20,000. ஆகவே நிறைகள் முறையே 30, 35, 5, 20, 10 சதவீதமாகும்.

கடன் தவணை, சீட்டுக்குக் கட்டும் பணம், சம்பளத்தில் கழியும் வரி ஆகியவற்றை இப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை நுகர்வு அல்ல என்பதால் சுட்டெண்ணிலும் இல்லை. வீட்டுக்காரருக்கோ அவையும் கையைவிட்டுப் போகும் காசுதான். எனவே "செலவு கூடிவிட்டது" என்ற உணர்வில் ஒரு பகுதி, விலையுடன் சம்பந்தமே இல்லாத இந்த இடத்திலிருந்து வருவதாக இருக்கலாம்.

படி 3: விலையையும் அளவையும் பிரித்தல்

இதுவே மிகவும் கவனம் வேண்டிய படி. இரண்டு பட்டியல்களின் மொத்தத் தொகைகளை ஒப்பிடக் கூடாது, ஒரே அளவுக்கான விலைகளையே ஒப்பிட வேண்டும். முதன்முறை கணித்தபோது நான் தவறியதும் இங்கேதான். ஒரு மின்பட்டியல் 27 நாட்களுக்கும் மற்றது 34 நாட்களுக்கும் உரியவை என்பதைக் கவனிக்காமல் கட்டணம் ஏறிவிட்டதாக எழுதிவைத்தேன்.

மின்சாரத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மாதத்துக்கு 60 அலகுகளைத் தாண்டும் வீட்டுக்கு வேறு கட்டண அட்டவணை பொருந்துவதால், 58 அலகிலிருந்து 64 அலகுக்குப் போனாலே பட்டியல் பாய்ந்து ஏறும். கட்டணம் அங்கே மாறவில்லை, நீங்கள்தான் படி மாறியிருக்கிறீர்கள். சரியான வழி, பழைய பட்டியலில் உள்ள அலகுகளை எடுத்து, அதே அலகுகளுக்குப் புதிய அட்டவணைப்படி எவ்வளவு வரும் என்று கணிப்பதே. பலசரக்கிலும் இப்படித்தான். பிஸ்கட் பைக்கற்றின் விலை மாறாமல் உள்ளே இருக்கும் நிறை குறைந்திருந்தால் அது விலையேற்றமே. ஆகவே 100 கிராமுக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெருக்கிக் கூட்டுதல்

ஒவ்வொரு செலவின் நிறையையும் அதன் விலை மாற்றத்தால் பெருக்கினால், மொத்தத்தில் அதன் பங்களிப்பு கிடைக்கும். நம் குடும்பத்தில் ஓராண்டுக்குள் வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வாடகையைப் பத்து சதவீதம் உயர்த்தினார். 30 சதவீத நிறையில் அது 3.0 புள்ளிகள். உணவில் சில ஏறியும் சில இறங்கியும் கடைசியில் மாற்றமில்லை, ஆகவே பூச்சியம். வேனும் ரியூஷனும் ஐந்து சதவீதம் ஏறியதால் 1.0 புள்ளி. மருந்து பதினைந்து சதவீதம் ஏறியதால் 1.5 புள்ளிகள்.

மின்சாரத்தில் 2024 மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 சதவீதம் எனச் சராசரிக் கட்டணம் மூன்று முறை குறைக்கப்பட்டது. இவற்றைக் கூட்டி 64 என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறைந்ததால் 0.781 × 0.775 × 0.80 என்று பெருக்க வேண்டும். விடை 0.484, அதாவது கட்டணம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. கணக்கு எளிதாக இருக்க அதைச் சரிபாதி என்றே கொண்டால், 5 சதவீத நிறைக்கு அது −2.5 புள்ளிகள்.

எல்லாவற்றையும் கூட்டினால் 3.0 வருகிறது. சுட்டெண் −4.2 என்று சொன்ன அதே மாதத்தில் இக்குடும்பத்தின் செலவு 3 சதவீதம் ஏறி, 206,000 ரூபாவாகியிருக்கிறது. நகரத்தின் சராசரியைக் கீழே இழுத்ததில் மின்கட்டணக் குறைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த வீட்டுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது, ஆனால் வாடகை ஒன்றே அதை விழுங்கிவிட்டது. அத்துடன் வாடகை வருடத்துக்கு ஒருமுறை ஒரே பாய்ச்சலில் ஏறுவதால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத பக்கத்து வீட்டில் இதே கணக்கு பூச்சியமாக முடியும்.

படி 5: அடுத்த மாற்றத்தைச் சேர்த்தல்

2025 ஜூனில் மின்கட்டணம் சராசரியாக 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. பழைய 5 சதவீத நிறையை இதற்குப் பயன்படுத்தினால் 0.75 புள்ளி என்று தவறாக வரும். மின்சாரச் செலவு இப்போது 5,000 ரூபா மட்டுமே, அது 206,000 ரூபாவில் ஏறத்தாழ 2.4 சதவீதம். அதற்கு 15 சதவீதம் 750 ரூபா, மொத்தச் செலவில் 0.36 சதவீதம். 2024 பெப்ரவரியை 100 எனக் கொண்டால் 103.0 ஆக இருந்த குடும்பச் சுட்டெண், வேறெதுவும் மாறாதவரை, சுமார் 103.4 ஆகும்.