“நடக்கிறான் சார், எலும்பெல்லாம் இல்ல”: கேப்டன்களுக்குச் சுளுக்கு முதலுதவி சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

குறுவட்டப் போட்டிக்கு முன்னால் ஹவுஸ் கேப்டன்களை உட்காரவைத்து முதலுதவி வகுப்பு எடுப்பது என் வழக்கம். முதல் சில வருடங்கள் அதை மிக மோசமாக எடுத்தேன் என்பது ஒரு பிளஸ் ஒன் பையனின் காலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வாலிபால் பயிற்சி. நெட்டில் எழும்பி இறங்கியவன் அடுத்தவன் பாதத்தின் மேல் காலை வைத்துவிட்டான். பாதம் உள்பக்கமாக மடங்கியது. கேப்டன் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கி, “நட பார்ப்போம்” என்றான். பையன் நொண்டிக்கொண்டே ஐந்தாறு அடி வைத்தான். “நடக்கிறான் சார், எலும்பெல்லாம் இல்ல” என்று தீர்ப்பு வந்தது. நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில், பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவினால் நடுவில் கையில் படுமே ஒரு மேடு, அந்த எலும்பில் விரிசல். குதிகாலை மட்டும் ஊன்றியே அவன் நடந்திருக்கிறான். அது யார் கண்ணிலும் படவில்லை.

நடந்தால் எலும்பு முறியவில்லை, விரலை அசைத்தால் எலும்பு முறியவில்லை என்று பையன்களே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அதை உடைக்காமல் நேராக ஐஸ், பேண்டேஜ் என்று ஆரம்பித்ததுதான் என் முதல் தவறு. கணுக்கால் மடங்கியவரை எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவுசெய்ய, 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். நான் இப்போது முதலில் சொல்லித்தருவது அதைத்தான். அதில் நடை பாதிதான். மறுபாதி எலும்பைத் தொட்டுப் பார்ப்பது.

தொட வேண்டியவை நான்கு இடங்கள். கணுக்காலின் வெளிமொட்டி, உள்மொட்டி இரண்டின் பின்விளிம்பு, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை. பிறகு, பாதத்தின் வெளிவிளிம்பில் நான் சொன்ன அந்த மேடு. கடைசியாக, உள்பக்கம் பாத வளைவுக்குச் சற்று மேலே துருத்தும் எலும்பு. இந்த நான்கில் எங்கே அழுத்தினாலும் வலித்தால் ஆட்டம் முடிந்தது, ஆஸ்பத்திரிதான். எங்கும் வலி இல்லையென்றால்தான் நான்கு அடி நடக்கச் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் அதுவே பதில். “முயற்சி பண்ணுடா” என்று இழுக்கக் கூடாது. கால் கோணியிருந்தாலோ, பாதம் மரத்தோ வெளுத்தோ போனாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், அசைக்காமல் அப்படியே வைத்து என்னைக் கூப்பிட வேண்டும்.

இதைப் படம் காட்டிச் சொன்னால் ஏறாது. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவன் காலில் இன்னொருவன் ஸ்கெட்ச் பேனாவால் நான்கு இடத்தையும் குறிக்க வேண்டும். கூச்சம் போகப் பத்து நிமிடம் ஆகும். சாதாரணச் சுளுக்கில் வலியும் வீக்கமும் வெளிமொட்டிக்கு முன்னால், சற்றுக் கீழே, மெத்தென்ற இடத்தில்தான் இருக்கும். அங்கே இருக்கும் தசைநார்தான் முதலில் இழுபடும். எலும்பின் மேல் வலியா, அதன் முன்னால் வலியா என்று விரல் நுனியால் பிரித்தறியக் கற்றவனுக்கு வேலை பாதி முடிந்தது.

இன்னொன்று. நம் பிள்ளைகளின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சிக் குருத்து தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவருக்குத் தசைநார் கிழியும் அதே மடங்கலில் எட்டாம் வகுப்புப் பையனுக்குக் குருத்து விட்டுப்போகலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் மொட்டி மேலேயே வலி என்றால் “சின்னப் பையன், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த தவறு பேண்டேஜ். வகுப்பில் எல்லோரும் அழகாகக் கட்டுவார்கள், ஏனென்றால் அது வீங்காத கால். மைதானத்தில் கட்டிய பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். சரியாக இருந்த கட்டு அரை மணியில் இறுக்கிப் பிடிக்கும். 10 செ.மீ. கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, விரல்கள் வெளியே தெரியும்படி, கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவத்தில், ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி மேலே கொண்டுபோக வேண்டும். முழுசாக இழுத்துக் கட்டக் கூடாது. கட்டியதும் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டால், வெளுத்த நிறம் 2 நொடிக்குள் திரும்ப வேண்டும். இந்த நகச் சோதனையை ஒரு முறை செய்து மறப்பதுதான் பிரச்சினை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் செய்ய வேண்டும். மரத்துப்போனால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். வீட்டில் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

ஐஸைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாக்கெட், ஈரக் கைக்குட்டை, 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. தோலில் நேராக வைத்தால் புண்ணாகும். ஐஸ் வலியைக் குறைக்கும், கிழிந்ததை ஒட்டாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கினே பிற்பாடு ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலி ஸ்ப்ரேயின் பயன் ஐஸைவிடக் குறைவு. வலி தெரியாமல் அடித்து உள்ளே அனுப்பினால், தளர்ந்த கணுக்கால் அடுத்த தாவலில் மறுபடி மடங்கும். அனுப்புவது பெரும்பாலும் கேப்டன் இல்லை, நாம்தான், பாயின்ட் போகுதே என்று. அதனால் கேப்டன் “வெளியே” என்று சொன்னால் நானும் திருப்பி அனுப்ப மாட்டேன் என்பதை வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

தசைக்கு வருவோம். 100 மீட்டர் ஓடுபவன் திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான்கு பேர் ஓடிவந்து படுக்கவைத்து, காலை மேலே தூக்கி அழுத்துவார்கள். கிரிக்கெட்டில் பார்த்தது. தசைப்பிடிப்பு என்றால் அது சரி. தசை கல்லாய் இறுகி, மெதுவாக நீட்டினால் சில நிமிடத்தில் இளகும். ஆனால் ஓடும்போதே “பளிச்”சென்று இழுத்தது, ஒரே புள்ளியில் வலி, நீட்டினால் கூடுகிறது என்றால் அது தசை நாரிழை கிழிந்தது. நீட்ட நீட்ட இன்னும் கிழியும். தொடும் முன் “இறுகிப் பிடிச்சுதா, பளிச்சுன்னு இழுத்துதா?” என்று கேட்க வேண்டும். சந்தேகமென்றால் நீட்டக் கூடாது.

நான் கடைசியாகத் திருத்திக்கொண்டது வீட்டுக்கு அனுப்பும் விதத்தை. மைதானத்தில் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும், சாயங்காலம் பாட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார், இல்லையென்றால் அப்பா சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போவார். அன்போடு செய்வதுதான், ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் தேய்ப்பும் வீக்கத்தைக் கூட்டும். எலும்பில் விரிசல் இருந்தால் இழுத்துவிடுவது அதை விலக்கியே விடும். பையன் வாயால் சொன்னால் வீட்டில் எடுபடாது. எனவே கேப்டன் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான், கீழே நான் கையெழுத்துப் போடுவேன். போன மாதம் எழுதிய ஒன்று இப்படி இருந்தது: “மாலை 4.40. வலது கால் உள்பக்கம் மடங்கியது. எலும்பில் நான்கு இடமும் வலி இல்லை. நான்கு அடி நடந்தான். ஐஸ் 15 நிமிடம். மூன்று நாள் எண்ணெய், சூட்டு ஒத்தடம், வழிப்பது வேண்டாம். நாளை காலை ஊன்ற முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவும்.”

மறுநாள் காலை அந்தப் பையனின் பாட்டி போன் செய்தார். சீட்டில் வெந்நீர் ஒத்தடம் என்று தனியாக எழுதவில்லையே, அது கொடுக்கலாமா என்று கேட்டார்.