விளம்பரப் படத்தில் எழுத்து காணாமல் போகும் இடங்கள்

ஓவியப் பயிற்சி வகுப்புக்கு ஒரு விளம்பரப் படம் என்று வைத்துக்கொள்வோம். அளவு 1080 × 1080 பிக்சல். பின்னணி பளிச்சென்ற ஆரஞ்சு, எழுத்து வெள்ளை. தலைப்பு 90 பிக்சல், தேதியும் நேரமும் 30 பிக்சல். வடிவமைத்தவரின் கணினித் திரையில் எல்லாம் தெளிவாகவே இருக்கும். வெயிலில் நின்று போனில் பார்ப்பவருக்கும், பார்வை மங்கியவருக்கும் தேதி தெரியாது.

முதல் தவறு நிறத்தில் இருக்கிறது. ஆரஞ்சும் வெள்ளையும் வேறு வேறு நிறங்கள்தான். ஆனால் வாசிக்க உதவுவது நிற வேறுபாடு அல்ல, வெளிச்ச வேறுபாடு. இணைய அணுகல்தன்மைக்கான WCAG விதிகள் இதை ஒரு விகிதமாக அளக்கின்றன. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். சாதாரணத் தடிமனில் 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். #FF8C00 என்ற ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கிடைப்பது சுமார் 2.3:1, அதாவது பெரிய எழுத்துக்குக்கூடப் போதாது. அதே ஆரஞ்சின் மேல் கறுப்பு வைத்தால் 9:1 ஆகிவிடும். வெள்ளையை விட மனமில்லை என்றால் பின்னணியை #B84A00 வரை அடர்த்தியாக்கலாம். அப்போது 5.2:1 கிடைக்கும். கண்ணால் மதிப்பிடாமல், இரண்டு நிறக் குறியீடுகளையும் WebAIM Contrast Checker போன்ற கருவியில் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது.

புகைப்படத்தின் மேல் எழுதும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. இருட்டான பகுதியில் அளந்து சரி என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் எழுத்து மறைவது வானமோ வெள்ளைச் சுவரோ இருக்கும் இடத்தில். ஆகவே எழுத்துக்குப் பின்னால் இருப்பதிலேயே வெளிச்சமான புள்ளியில் அளக்க வேண்டும். புகைப்படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கறுப்புத் திரை போடுபவர்கள் பெரும்பாலும் 50% ஒளிபுகாமையோடு நிறுத்திவிடுகிறார்கள். அடியில் வெள்ளை இருந்தால் அது #808080 சாம்பலாகும், வெள்ளை எழுத்துக்கு 3.95:1 மட்டுமே கிடைக்கும். 60% ஆக்கினால் #666666, விகிதம் 5.7:1. இந்தப் பத்து சதவீதம்தான் படிக்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்தது அளவு. இதில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் வடிவமைப்புக் கோப்பில் உள்ள அளவு வாசகர் பார்க்கும் அளவு அல்ல. பல போன்களில் திரையின் அகலம் சுமார் 360 பிக்சலாகவே கணக்கிடப்படுகிறது. 1080 பிக்சல் படம் அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 30 பிக்சல் தேதி 10 பிக்சலாகிவிடும். கோப்பில் 60 பிக்சல் இருந்தாலும் திரையில் அது 20தான், எனவே சாதாரணத் தடிமனில் ‘பெரிய எழுத்து’க்கான 3:1 சலுகை அதற்குப் பொருந்தாது. திரையில் 16 பிக்சல் வேண்டுமானால் கோப்பில் 48 வைக்க வேண்டும்.

தமிழில் இந்தச் சுருக்கம் கூடுதலாக வலிக்கும். ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சின்னச் சுழி. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. மெலிந்த எழுத்துருவில், சிறிய அளவில், புள்ளி முதலில் மறையும், பிறகு சுழிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே மெலிந்த வடிவத்தைத் தவிர்த்து, நடுத்தரத் தடிமனைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை எழுத்தளவில் சுமார் ஒன்றரை மடங்கு விடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கு’, ‘ரு’ ஆகியவற்றின் கால்கள் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். 48 பிக்சலில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கும். அப்படியானால் எல்லாவற்றையும் படத்தில் திணிக்க முடியாது: பெயர், தேதி, நேரம் போதும், மற்றவை பதிவின் எழுத்துக்குப் போகட்டும்.

கடைசியாகப் படவிளக்கம், அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்காக alt என்ற இடத்தில் எழுதும் உரை. alt="போஸ்டர்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் ‘படம்’ என்று தானே சொல்லிவிடும். தேடலுக்காகச் சொற்களைக் குவிப்பது அதைவிட மோசம், கேட்பவர் அத்தனையையும் கடந்துவர வேண்டும். விளம்பரத்தில் செய்தியே எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் படத்தில் உள்ள செய்தியை அப்படியே சொல்லுங்கள், பின்னணி நிறத்தை வருணிக்க வேண்டாம்.

```
<img src="vaguppu.jpg" lang="ta"
 alt="ஓவியப் பயிற்சி வகுப்பு. ஜூலை 12,
 காலை 10 முதல் 1 மணி வரை. வயது 8 முதல் 14.
 முன்பதிவுக்குக் கடைசி நாள் ஜூலை 8.">
```

பக்கம் வேறு மொழியில் இருந்தால் lang="ta" அவசியம். அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை வேற்றுமொழிக் குரலில் வாசிக்க முயன்று குழப்பலாம். அழகுக்காக மட்டும் வைத்த கோடு, பூ வேலைப்பாடு போன்றவற்றுக்கு alt="" என வெறுமையாக விடுங்கள், அதைத் திரைவாசிப்பான் தாண்டிச் சென்றுவிடும். படத்தில் கியூஆர் குறியீடு இருந்தால் அதே இணைப்பைப் பதிவிலும் எழுத்தாகக் கொடுங்கள். பார்க்க முடியாதவருக்கு மட்டுமல்ல, படம் தன் போனிலேயே திறந்திருப்பவராலும் அதே போனின் கேமராவை அதற்கு நேரே காட்ட முடியாது.