ஊழியர் குடியிருப்புக்காக வீடு கேட்டு நிறுவனம் எழுதும் கடிதம்: குடியிருப்பவரை மாற்றும் உரிமையை எப்படிக் கேட்பது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் ஒரு பொறியாளர் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு மாற்றலாகிப் போவதும், அவர் இடத்துக்கு வேறொருவர் வருவதும் வழக்கம். வாடகை ஒப்பந்தம் ஊழியர் பெயரில் இருந்தால், ஒவ்வொரு முறையும் முன்பணத்தைத் திரும்பப் பெற்று, புதிய ஒப்பந்தம் போட்டு, வீட்டைக் காலி செய்து மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் நிறுவனமே வாடகைதாரராக இருந்து, உள்ளே குடியிருப்பவரை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அதற்கான கடிதத்தை எழுதும் முறையை, நான் எழுதி உரிமையாளர் ஏற்றுக்கொண்ட கடிதம் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில், வாடகைதாரர் யார் என்று எழுதுங்கள். வீட்டின் முகவரி, மாத வாடகை, முன்பணம், காலம் ஆகியவற்றுடன், வாடகை செலுத்தும் பொறுப்பு முழுவதும் நிறுவனத்தையே சாரும் என்பதும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். எங்கள் கடிதத்தில் வாடகை 18,000 ரூபாய், முன்பணம் மூன்று மாத வாடகையான 54,000 ரூபாய். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் வரம்பும் மூன்று மாத வாடகைதான்.

அடுத்தது, குடியிருப்பவரை மாற்றும் பிரிவு. கடிதம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். "எங்கள் விருப்பப்படி எவரையும் குடியமர்த்தும் உரிமை வேண்டும்" என்று எழுதப்பட்ட ஒரு வரைவை, "இது உள்வாடகைக்கு விடுவதாகத் தெரிகிறது" என்று உரிமையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய அச்சம் நியாயமானது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்றே சட்டமும் சொல்கிறது. ஆகவே கேட்கும் உரிமைக்கு எல்லையையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் இறுதியில் எழுதிய பத்தி இது:

> "மேற்படி வீட்டில் எங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் ஒருவரும் அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரும் மட்டுமே குடியிருப்பர். பணி மாற்றம் அல்லது விலகலின்போது, அவருக்குப் பதிலாக வேறோர் ஊழியரைக் குடியமர்த்த எங்களுக்கு உரிமை வேண்டும். புதியவரின் பெயர், பணி அடையாள அட்டை நகல், ஆதார் நகல் ஆகியவற்றை ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் தங்களுக்கு அளிப்போம். இதற்கெனப் புதிய ஒப்பந்தமோ கூடுதல் முன்பணமோ தேவைப்படாது. குடியிருப்பவருக்கு வாடகைதாரர் உரிமை எதுவும் கிடையாது."

கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டுச் சென்ற ஊழியர் வீட்டைக் காலி செய்ய மறுத்தால், அவர் இருப்பது நிறுவனத்தின் அனுமதியின் பேரில் மட்டுமே என்பதைக் காட்ட அந்த வரிதான் உதவும். ஊழியரிடமும் இதே கருத்தில் தனியாகக் கையொப்பம் வாங்கி வையுங்கள். "முன் அனுமதியுடன் மாற்றலாம்" என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் பதிலுக்காகக் காத்திருக்க நேரும். "முன் அறிவிப்புடன்" என்பதே நமக்கு வேண்டியது.

மூன்றாவதாக, சேதத்துக்கு யார் பொறுப்பு? மூன்று குடும்பங்கள் மாறிய பிறகு சுவரில் உள்ள துளையை யார் போட்டார் என்று உரிமையாளரால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, மின்விசிறி, குழாய், கதவு, சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கையொப்பமிடலாம் என்றும், சேதத்தை நிறுவனமே சரிசெய்து தரும் என்றும் எழுதுங்கள். ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகை வரும் என்பதையும் சேர்த்தால், உரிமையாளரின் தயக்கம் பெருமளவு தீரும்.

வரியைப் பற்றி ஒரு வரி போதும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 2022 ஜூலை 18 முதல், 18 சதவீத வரியை நிறுவனமே நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். உரிமையாளர் வசூலித்துக் கட்ட வேண்டியதில்லை என்பதைக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் கையொப்பமிடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதைக் காட்டும் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலை இணையுங்கள். இந்தக் கடிதம் கோரிக்கை மட்டுமே. ஏற்கப்பட்ட பின் இதே பிரிவுகளைச் சொல் மாறாமல் ஒப்பந்தத்தில் எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். கடிதத்தில் இருந்து ஒப்பந்தத்தில் விடுபட்ட உரிமையை நம்பி இருக்க முடியாது.

பிற்சேர்க்கை: அடுக்குமாடிக் குடியிருப்பில் உரிமையாளர் சம்மதித்தும் சங்கம் தடுத்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணமாகாதவர்கள் சேர்ந்து தங்குவதைச் சில சங்கங்கள் ஏற்பதில்லை. எனவே அத்தகைய வீடுகளுக்கு, கடிதம் அனுப்பும் முன்பே சங்க விதிகளின் நகலை உரிமையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். மாற்றம் பற்றிய அறிவிப்பின் ஒரு பிரதி சங்கச் செயலருக்கும் போகும் என்ற வரியையும் மாற்றும் பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள்.