லெக்சர் டிரான்ஸ்கிரிப்ட்ட நோட்ஸா மாத்துறது எப்படி, ஒரு முழு லெக்சரோட

பகல்ல வேலை, ராத்திரி கிளாஸ்னு ஓடுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். ரெக்கார்டிங் இருக்கு, டிரான்ஸ்கிரிப்ட் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டா எக்ஸாம் வாரத்துல ஒரு மணி நேர லெக்சர் ஏழெட்டாயிரம் வார்த்தையா மொத்தமா வந்து நிக்கும். எகனாமிக்ஸ்ல எம்ஏஎஸ், அதாங்க நம்ம சிங்கப்பூர் நாணய ஆணையம், அத பத்தின லெக்சர நான் எப்படி நோட்ஸாக்குனேன்னு அப்படியே காட்டுறேன்.

1. முதல்ல பிழை திருத்தணும்

சப்டைட்டில் ஃபைல டவுன்லோட் பண்ணி நோட்பேட்ல தொறங்க. எனக்கு வந்தது இப்படி:

```
00:12:04.000 --> 00:12:09.000
so the mass does set interest rates

00:12:09.000 --> 00:12:15.000
it manages the sneer instead
```

`mass`னு இருக்கிறது எம்ஏஎஸ். `sneer`னா ஏளனச் சிரிப்பு, ஆனா லெக்சரர் சொன்னது `S$NEER`, அதாவது நம்ம வியாபாரக் கூட்டாளி நாடுகளோட நாணயங்கள ஒரு கூடையா வச்சு அதுக்கு எதிரா சிங்கப்பூர் டாலரோட மதிப்ப அளக்குறது. இதெல்லாம் பாத்த ஒடனே சிரிப்பு வந்துரும், திருத்திடுவோம். ஆபத்தானது முதல் வரிதான், அதுல `not` விழுந்துருச்சு. எம்ஏஎஸ் வட்டி விகிதத்த நிர்ணயிக்கிறது இல்லைன்னு அவர் சொன்னது அப்படியே தலைகீழாயிடுச்சு, படிக்கும்போது வாக்கியம் ஒழுங்கா வேற இருக்கும். அடுத்த வரில `instead` இருக்கேன்னு இடறுனதாலதான் 12:04க்கு போய் திரும்ப கேட்டேன். பக்கத்து வரியோட ஒட்டலன்னா அங்க ஆடியோ கேட்டே ஆகணும், வேற வழி இல்ல.

அதனாலதான் நேரத்த மொத்தமா அழிச்சிராதீங்க, ஒவ்வொரு பகுதி தொடங்குற எடத்துல ஒண்ணாவது விட்டு வைங்க. `mass`ஸ ஒரே அடியா எம்ஏஎஸ்னு மாத்துற வேலையும் வேணாம், அப்புறம் `mass market`டும் எம்ஏஎஸ் மார்க்கெட் ஆயிடும். ஒண்ணொண்ணா பாத்து மாத்துங்க.

2. தலைப்பு வெட்டுறது

ஸ்லைடு தலைப்ப காப்பி பண்ணாதீங்க. லெக்சரர் எங்க திரும்புறார்னு பாருங்க, 'ஓகே, இப்ப கேள்வி என்னன்னா'ன்னு இழுக்கிறார் பாருங்க, அங்கதான் வெட்டணும். ஒரு மணி நேரத்துக்கு அஞ்சாறு தலைப்பு போதும். தலைப்பே ஒரு விஷயத்த சொல்லணும். 'நாணயக் கொள்கை'ன்னு போட்டா ஒண்ணும் புரியாது, நான் போட்டது இது:

> வட்டிய விட்டுட்டு ஏன் டாலர் மதிப்ப பிடிச்சாங்க (12:04)
> நாம சாப்பிடுற சாமான்ல பெரும்பாலும் வெளிநாட்டுலேர்ந்து வருது. டாலர் வலுத்தா அந்த சாமான் நமக்கு மலிவாகும், விலைவாசி அடங்கும். 1981லேர்ந்து இந்த வழிதான்.

லெக்சரர் நடுவுல சொன்ன பிரிண்டர் கதை, அசைன்மெண்ட் தேதி எல்லாம் தூக்கிடுங்க. உதாரணத்த மட்டும் தூக்காதீங்க, எக்ஸாம்ல ஞாபகம் வர்றது அதுதான்.

3. கேள்வி

ஒவ்வொரு தலைப்புக்கும் ரெண்டு. '`S$NEER`னா என்ன'ன்னு கேட்டா மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டு போயிடுவோம், அதனால பிரயோஜனம் இல்ல. குழப்பம் வர்ற எடத்துல கேக்கணும். எம்ஏஎஸ் டாலர ஒரு பட்டைக்குள்ள ஏறி எறங்க விடுது, அந்தப் பட்டையோட சாய்வு, அகலம், மையம் மூணையும் மாத்தலாம். அப்ப கேள்வி இப்படி வரும்: 'சாய்வ கூட்டுறதுக்கும் மையத்த மேல நகத்துறதுக்கும் என்ன வித்தியாசம்?' பதில தலைப்புக்கு அடியில எழுதாம கடைசி பக்கத்துல நேரத்தோட குறிச்சு வைங்க, இல்லன்னா கண்ணு தானா அங்க போயிடும்.

4. சுருக்கம், ஃபைல மூடிட்டு

இத கடைசியா, மறுநாள் எழுதுங்க. நான் எம்ஆர்டில போன்ல அஞ்சு வரி அடிப்பேன், நோட்ஸ தொறக்கவே மாட்டேன். தொறந்து வச்சுக்கிட்டு எழுதுனா அது சுருக்கம் இல்ல, வெட்டி ஒட்டுறது.

அப்புறம் நோட்ஸோட ஒப்பிட்டுப் பாருங்க. என் அஞ்சு வரில 'சாய்வ கூட்டுனா டாலர் ஒடனே ஏறும்'னு இருந்துச்சு, தப்பு. சாய்வுன்னா கொஞ்சம் கொஞ்சமா ஏறுற வேகம், ஒரே தாவா தூக்குறது மையத்த நகத்துறது. அந்தக் கேள்விய நானே எழுதி வச்சிருந்தும் கோட்ட விட்டேன் பாருங்க. அத சிவப்புல சுத்தி, 31 நிமிஷத்துலேர்ந்து அந்தப் பகுதிய மட்டும் திரும்ப கேட்டேன், முழு லெக்சரையும் இல்ல.