ஆறாவது விரல்

ஈரோட்டில் ஒரு சேலைக் கடைக்குப் படம் திருத்திக் கொடுத்தேன். மாடலின் பச்சைச் சேலையை ஏஐ மூலம் அரக்காக்க வேண்டும். முந்தானையைப் பிடித்த கையையும், அதில் தொங்கிய மஞ்சப்பையையும் சேர்த்தே, ஏஐ மாற்றவேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்குக்குள் போட்டுவிட்டேன். கடைக்கார அக்கா பார்த்ததும், "ஏனுங்க தம்பி, இந்தப் புள்ளைக்கு ஆறு விரலுங்களா?" என்றார். இரண்டு வளையல்கள் ஒன்றாக உருகியிருந்தன. பையிலிருந்த கடைப் பெயர் தமிழ் போல வளைந்திருந்ததே தவிர, படிக்க முடியவில்லை.

மாஸ்க்குக்குள் இருப்பதை ஏஐ திருத்துவதில்லை, புதிதாக வரைகிறது. படம் வரையும் ஏஐயான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 8×8 பிக்சலை ஒரே கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்யும். முழு உருவப் படத்தில் ஒரு விரலுக்குப் பத்துப் பிக்சல் கிடைத்தால் அதிகம். ஒரு கட்டத்துக்குள் விரலும் இடுக்கும் வளையல் விளிம்பும் எப்படி அடங்கும்? சேலை மடிப்பு பிசகினால் யாருக்கும் தெரியாது. விரல் பிசகினால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

சரிசெய்ய மறுபடி வரையவிடவில்லை. அசல் படத்தைக் கீழ் லேயராக வைத்து, மேலே உள்ள ஏஐ படத்துக்கு லேயர் மாஸ்க் போட்டு, கை, வளையல், பை மூன்றின் மேலும் கறுப்புத் தூரிகை ஓட்டினேன். கறுப்பு பட்ட இடத்தில் ஏஐ படம் மறைந்து, அசல் அப்படியே வெளியே வந்தது. விரலிடுக்கில் மிஞ்சிய பச்சையை மட்டும் தனியாக நிறம் மாற்றினேன். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

இப்போது அனுப்புமுன், முடிந்த படத்தை ஒரே லேயராக்கி, அசலுக்கு மேல் `Difference` முறையில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். சேலை தவிர வேறெங்காவது கறுப்பில்லாமல் வெளிச்சம் தெரிந்தால், அங்கே ஏஐ கை வைத்திருக்கிறது.