தடையின்றி விழும் கல்: 1 : 3 : 5 விகிதத்தில் நேரும் தவறுகள்

ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள் அடுத்தடுத்த சம கால அளவுகளில் கடக்கும் தொலைவுகள் 1 : 3 : 5 : 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் அமையும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் நிறுவினார். விகிதத்தை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களும் கணக்கில் தடுமாறுவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதால் முதல் விநாடியில் கல் 9.8 மீட்டர் விழும் என எண்ணுவது முதல் தவறு. அந்த விநாடியின் தொடக்கத்தில் வேகம் சுழி, முடிவில்தான் 9.8, சராசரி 4.9 ஆகையால் கடந்த தொலைவும் 4.9 மீட்டரே.

‘மூன்று விநாடிகளில்’ என்பதையும் ‘மூன்றாம் விநாடியில்’ என்பதையும் ஒன்றாகப் படிப்பது இதைவிடப் பெரிய தவறு. மூன்று விநாடிகளில் கடந்த மொத்தத் தொலைவு 44.1 மீட்டர், அதில் முதல் இரண்டு விநாடிகளின் 19.6 மீட்டரைக் கழித்தால் கிடைக்கும் 24.5 மீட்டர்தான் மூன்றாம் விநாடிக்கு உரியது. மொத்தத் தொலைவுகள் 1 : 4 : 9 என வர்க்கங்களாக வளர்கின்றன, ஒற்றைப்படை எண்கள் அந்த வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாடுகளே.

கோபுரத்திலிருந்து விடப்பட்ட கல் கடைசி ஒரு விநாடியில் 24.5 மீட்டர் கடந்தது, உயரம் என்ன என்று கேட்டால், 24.5ஐ 4.9ஆல் வகுக்க 5 வரும். அது மூன்றாவது ஒற்றைப்படை எண் ஆதலால் நேரம் 3 விநாடி, உயரம் 44.1 மீட்டர். கடைசி விநாடியின் தொலைவு 29.4 மீட்டராக இருந்தால் வகுத்து வருவது 6. ஒற்றைப்படை எண் வரவில்லை என்பதால் கணக்கே பிழை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மொத்த நேரம் முழு விநாடிகளாக இல்லை என்பதே அதன் பொருள். t-ஆவது ஒற்றைப்படை எண் 2t − 1 ஆதலால், மொத்த நேரத்தை t விநாடி என வைத்து 2t − 1 = 6 எனக் கொண்டால் நேரம் 3.5 விநாடி, உயரம் ஏறத்தாழ 60 மீட்டர்.

கீழ்நோக்கி எறிந்த கல்லுக்கும் இவ்விகிதத்தைப் பொருத்துவது மற்றொரு தவறு. நொடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் எறிந்தால் தொலைவுகள் 9.8, 19.6, 29.4 ஆகி, விகிதம் 1 : 2 : 3 என மாறிவிடும். அப்போதும் அடுத்தடுத்த விநாடிகளின் வேறுபாடு 9.8 மீட்டராகவே நிற்பதைக் கவனியுங்கள். அந்த வேறுபாடு மாறாமல் இருந்து விகிதம் மட்டும் பிசகினால், கல் ஓய்வில் இருந்த கணத்திலிருந்து நேரம் எண்ணப்படவில்லை என்று அறியலாம். வேறுபாடே குறைந்துகொண்டு வந்தால் காற்றின் தடையைப் புறக்கணிக்க இயலாது.

கால அளவு ஒரு விநாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரை விநாடிகளாகப் பிரித்தால் முதல் இரு தொலைவுகள் 1.225, 3.675 மீட்டர்; அங்கும் விகிதம் 1 : 3தான்.