படத்தில் கிளியின் இறகைப் பார்ப்பது எப்படி? தலையிலிருந்து தொடங்குங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டு அக்கா, தன் பச்சைக்கிளியைப் படமெடுத்து அனுப்பினார். "இறகு கொட்டுதா, அதுவே பிடுங்கிக்குதா?" என்று ஒரு கேள்வி வேறு. ராத்திரி டியூப் லைட்டில் எடுத்த படம். கிளி சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

முதலில் படத்தைச் சரிசெய்ய வேண்டும். பகலில், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும். படத்தில் தாளே மஞ்சளாகத் தெரிந்தால் இறகின் நிறத்தை நம்பாதீர்கள். கிளியின் பச்சையில் பாதி நிறமி, பாதி இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதனால் வெளிச்சம் மாறினால் பச்சையும் மாறும். முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது இறகின் ஓரங்களை வழவழப்பாக்கிவிடும்.

மறுநாள் காலை அக்கா எடுத்த படத்தில் பச்சை பளிச்சென்று இருந்தது. மங்கல் விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்து தலை. கிளியால் தன் தலையைத் தன் அலகால் எட்ட முடியாது. ஆகவே தலை ஒழுங்காக இருந்து மார்பு, தொடை, இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் வெறுமையானால், பிடுங்குவது அந்தக் கிளியேதான் என்று சந்தேகிக்கலாம். தலையும் வழுக்கை என்றால் கூடவிருக்கும் கிளியோ நோயோ காரணமாகலாம்.

இந்தக் கிளியின் தலையில் ஊசி ஊசியாக வெண்மையான உறைகள் நின்றன. அவை முளைக்கும் புது இறகுகள், நல்ல அறிகுறி. இறக்கை விரிந்த படத்தில் இடப்பக்கம் விழுந்த இடத்துக்கு நேராக வலப்பக்கமும் ஒன்று விழுந்திருந்தது. இறகுதிர்வு பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு பக்கமும் சோடியாக நடக்கும்.

மார்புதான் இடித்தது. ஐம்பது காசு அளவுக்கு ஒரு திட்டு, உள்ளே சாம்பல் நிறத் தூவி மட்டும். ஊசி ஒன்றுகூட இல்லை. சுற்றியிருந்த இறகுகளின் நுனி கத்தரித்த மாதிரி பிய்ந்திருந்தது. கூண்டுத் தட்டைப் படமெடுக்கச் சொன்னேன். இறக்கை இறகுகள் முழுசாக, அடித்தண்டு சுத்தமாகக் கிடந்தன. அவை தானாக உதிர்ந்தவை. மார்பிறகுகளோ பாதியில் ஒடிந்த துண்டுகள்.

சரி, தலையிலும் இறக்கையிலும் உதிர்வு, மார்பில் மட்டும் பிடுங்கல். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

ஏன் பிடுங்குகிறது என்பதைப் படம் சொல்லாது. அரிப்பா, ஈரல் கோளாறா, சலிப்பா என்பதைப் பறவை பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை அதே ஜன்னல், அதே தாள், அதே தூரத்தில் மார்பை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். திட்டு பெரிதானாலோ தோல் சிவந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ வாரக்கணக்கை விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும். அப்புறம் அந்த ஊசிகளை யாரும் நசுக்கிப் பார்க்காதீர்கள். வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது.